பதினாறு பண்புகளுக்கு மூன்று சொற்கள்: ஹாலஜன் தொகுதிக்கு ஒரு மீள்பார்வை அட்டவணை

பன்னிரண்டாம் வகுப்பில் 17ஆம் தொகுதியைப் படித்து முடித்த மாணவர்களின் குறிப்பேட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். என் வகுப்பில் நான் எண்ணிப் பார்த்தபோது பதினாறு பண்புகள் இருந்தன. நிலை, நிறம், அணு ஆரம், அயனி ஆரம், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை, எலக்ட்ரான் நாட்டம், மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல், ஆக்சிஜனேற்றும் திறன், ஆக்சிஜனேற்ற நிலைகள், ஹைட்ரஜன் ஹேலைடுகளின் கொதிநிலை, அவற்றின் வெப்ப நிலைப்புத் தன்மை, அவற்றின் அமில வலிமை. நான்கு தனிமங்களுக்கும் சேர்த்தால் அறுபத்து நான்கு செய்திகள். இவ்வளவையும் உருப்போட்ட மாணவர் தேர்வில் "கூடும்", "குறையும்" என்ற இரண்டு சொற்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இந்தப் பட்டியலை ஒரு பக்க அட்டவணையாகவும் அதைத் திறக்கும் ஓரிரு நினைவுத் தொடர்களாகவும் சுருக்க முடியும். ஆனால் எதை நினைவுத் தொடரில் வைப்பது, எதை அட்டவணையில் வைப்பது, எதை இரண்டிலும் வைக்காமல் விடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். காரணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கக்கூடியதை மனப்பாடம் செய்ய வைப்பதில்லை என்பது நான் வைத்திருக்கும் விதி. காரணத்தால் எட்ட முடியாததும், காரணம் தவறான பக்கம் இழுத்துச் செல்லக்கூடியதும் மட்டுமே நினைவுத் தொடருக்கு உரியவை.

வரிசைக்கு ஒரு தொடர்

தனிமங்களின் வரிசை காரணத்தால் வராது. எனவே அதற்கு ஒரு தொடர் வேண்டும். நான் பயன்படுத்துவது: "பூக்கும் குளக்கரையில் புன்னை, அரசு, ஆல்." பூ ஃபுளூரினையும், குள குளோரினையும், புன் புரோமினையும், அரசு அயோடினையும், ஆல் அஸ்டடைனையும் குறிக்கும். இதே தொகுதியில் அடுத்து வரும் டென்னசைன் 2016இல்தான் பெயர் பெற்றது. பண்புகளை ஒப்பிட அது உதவாது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

முதலெழுத்துத் தொடர்களில் ஒரு ஆபத்து உண்டு. 'பூ', 'பு' இரண்டும் நெருங்கிய ஒலிகள். 'அ', 'ஆ' இரண்டும் அப்படித்தான். சில நாட்கள் கழித்துக் கேட்டால் சில மாணவர்கள் புரோமினை முதலில் வைத்துவிடுவார்கள். தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'அ' என்று நினைவில் இருக்கும் அயோடினின் குறியீடு I. தொடர் நினைவிலிருக்கும், குறியீடு வராது. ஆகவே தொடரை எழுதும்போதெல்லாம் அதன் அடியிலேயே F, Cl, Br, I, At என்று எழுத வைக்கிறேன். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாகவே கண்ணில் பதிய வேண்டும்.

நிலைக்கு ஒரு சிறு தொடர் தானாகவே அமைந்துவிடுகிறது. வாயு, வாயு, நீர்மம், திண்மம் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் "வா வா நீதி". மாணவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். அறை வெப்பநிலையில் ஃபுளூரினும் குளோரினும் வாயுக்கள், புரோமின் நீர்மம், அயோடின் திண்மம்.

நிறத்தையும் நினைவில்தான் வைக்க வேண்டும். வெளிர் மஞ்சள், பசுமஞ்சள், செம்பழுப்பு, அயோடின் ஆவிக்கு ஊதா. கீழே செல்லச் செல்ல நிறம் அடர்கிறது என்ற ஒரு வரி இதற்குப் போதும். திண்ம அயோடின் சாம்பல் கறுப்பாகப் பளபளக்கும் என்பதை மட்டும் தனியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆய்வகப் புட்டியைப் பார்த்து, "ஐயா, இது ஊதா இல்லையே" என்பார்கள்.

மூன்று சொற்கள்

பதினாறில் நிலை, நிறம் இரண்டையும் பார்த்துவிட்டோம். மீதியை மாணவர்களையே பிரிக்க வைக்கிறேன். கரும்பலகையில் பட்டியலை எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இது அணுக்கரு எலக்ட்ரானைப் பிடித்திருப்பது பற்றியதா, ஒரு மூலக்கூறு அடுத்த மூலக்கூறோடு ஒட்டுவது பற்றியதா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பட்டியலில் பாதி ஒழுங்காகிவிடுகிறது. அதன் விடைதான் நினைவுத் தொடர்:

"உருவம் பெருகும், பிடி தளரும், ஒட்டு இறுகும்."

தொகுதியில் கீழே இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் எலக்ட்ரான் கூடு ஒன்று கூடுகிறது. அதனால் அணுவின் உருவம் பெருகுகிறது. அணு ஆரம் ஃபுளூரினில் ஏறத்தாழ 64 பிக்கோமீட்டர், அயோடினில் 133. ஆரம் இரண்டு மடங்குக்கும் மேல். அயனி ஆரமும் இதே போக்கில்தான் செல்கிறது.

உருவம் பெருகினால் வெளிக்கூட்டு எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து விலகுகிறது. உள்கூட்டு எலக்ட்ரான்களும் அதை மறைக்கின்றன. பிடி தளர்கிறது. அயனியாக்கும் ஆற்றல் குறைகிறது, எலக்ட்ரான் கவர்தன்மை குறைகிறது, வேறொன்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றும் திறனும் குறைகிறது. மூன்று பண்புகளுக்கும் ஒரே சொல்.

ஹைட்ரஜன் ஹேலைடுகளின் இரண்டு பண்புகளையும் இதே சொல்லின் கீழ் கொண்டுவரலாம். ஹாலஜன் அணு பெரிதாகும்போது ஹைட்ரஜனை அது பிடித்திருக்கும் பிணைப்பும் தளர்கிறது. HF பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 567 கிலோ ஜூல் தேவை. HI பிணைப்புக்கு 298 போதும். ஆகவே சூடுபடுத்தும்போது HI எளிதில் சிதைகிறது, அதாவது வெப்ப நிலைப்புத் தன்மை குறைகிறது. அதே காரணத்தால் நீரில் ஹைட்ரஜன் அயனியை எளிதில் விட்டுவிடுகிறது, அதாவது அமில வலிமை கூடுகிறது. ஒரே தளர்வு, ஒன்றில் "குறையும்", மற்றொன்றில் "கூடும்". மாணவர்கள் சறுக்கும் இடம் இது. "பிடி விட்டால் அமிலம் வலுக்கும்" என்று ஒருமுறை அவர்கள் வாயால் சொல்ல வைத்தால் சரியாகிவிடும்.

HF வலிமை குறைந்த அமிலம் என்பதைச் சில வழிகாட்டி நூல்கள் ஃபுளூரினின் முரண்பட்ட பண்புகளில் ஒன்றாகச் சேர்க்கின்றன. வரிசையைப் பாருங்கள்: HI, HBr, HCl, HF என்று வலிமை ஒழுங்காகத்தான் இறங்குகிறது. போக்கின் கடைசிப் படியில் HF நிற்கிறது, அவ்வளவுதான். மற்ற மூன்றும் வலிமைமிகு அமிலங்களாக இருக்க இது மட்டும் வலிமை குறைந்ததாக இருப்பதால் முரண்போலத் தோன்றுகிறது. அட்டவணையில் இதை விதிவிலக்குப் பகுதியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது சொல் 'ஒட்டு'. என் அனுபவத்தில் அதிக மதிப்பெண் இழப்பு இங்கேதான். "அயோடினின் உருகுநிலை ஏன் அதிகம்?" என்று கேட்டால், "I–I பிணைப்பு வலிமையானது" என்று எழுதுவார்கள். தவறு எங்கே என்று நாம் விளக்குவதற்கு முன் இரண்டு எண் வரிசைகளைக் கரும்பலகையில் எழுதினால் போதும். உருகுநிலை: ஃபுளூரின் −220 °C, குளோரின் −101, புரோமின் −7, அயோடின் 114. மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல், மோலுக்குக் கிலோ ஜூல் கணக்கில்: ஃபுளூரின் 158, குளோரின் 242, புரோமின் 193, அயோடின் 151. நான்கிலும் மிகத் தளர்ந்த பிணைப்பு அயோடினுக்கு. மிக உயர்ந்த உருகுநிலையும் அயோடினுக்கே. அப்படியானால் உருகும்போது அந்தப் பிணைப்பு உடையவில்லை என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். உருகும்போதும் கொதிக்கும்போதும் I₂ மூலக்கூறு I₂ ஆகவே இருக்கிறது. பக்கத்து மூலக்கூறிலிருந்து மட்டும் விலகுகிறது. அந்த விலகலைத் தடுப்பது வாண்டர்வால்ஸ் விசை. மூலக்கூறு பெரிதாகி எலக்ட்ரான்கள் கூடும்போது அந்த விசை வலுக்கிறது. அதைத்தான் 'ஒட்டு இறுகும்' என்கிறோம். அயோடின் படிகத்தை மெல்லச் சூடேற்றும்போது எழும் ஊதா ஆவியும் I₂ மூலக்கூறுகள்தான். அடர்த்தியையும் இந்தச் சொல்லின் கீழேயே வைத்துக்கொள்ளலாம். அணு நிறை கூடுவதும் அதற்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'பிடி', 'ஒட்டு' என்ற இரு சொற்களையும் வேண்டுமென்றே வெவ்வேறாக வைத்திருக்கிறேன். முதல் சொல் அணுவுக்குள்ளும் பிணைப்புக்குள்ளும் நடப்பது. இரண்டாவது மூலக்கூறுகளுக்கு வெளியே நடப்பது. "ஈர்ப்பு" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தினால் மேலே சொன்ன குழப்பத்தை நாமே விதைத்ததாகிவிடும்.

விதிவிலக்குகளுக்கு ஒரு தொடர்

மூன்று சொற்களால் எட்ட முடியாதவை நான்குதான்: எலக்ட்ரான் நாட்டம், மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல், ஹைட்ரஜன் ஹேலைடின் கொதிநிலை, ஆக்சிஜனேற்ற நிலைகள். இவற்றில் 'பிடி தளரும்' என்பதை நம்பினால் தவறான விடை வரும். எனவே இதற்குத் தனித் தொடர் தேவை:

"நாட்டமும் பிணைப்பும் குளோரினுக்கு, கொதிப்பும் ஒற்றை நிலையும் ஃபுளூரினுக்கு."

இது முதலெழுத்துகளை அடுக்கியது அல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடரே செய்தியைச் சொல்கிறது. எழுத்துகளை விரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இது நீண்ட நாள் தங்குகிறது.

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நெரிசல். ஃபுளூரின் அணு மிகச் சிறியது. அதன் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன. எட்டாவதாக ஒன்று ஏற வந்தால் உள்ளே இருப்பவை தள்ளுகின்றன. நிறைந்துபோன மினி பஸ்ஸில் இன்னொருவர் ஏறுவதுபோல. அதனால் எலக்ட்ரான் ஏறும்போது வெளியாகும் ஆற்றல் ஃபுளூரினில் 328 கிலோ ஜூல். சற்று இடமுள்ள குளோரினில் 349. இரண்டு ஃபுளூரின் அணுக்கள் பிணையும்போதும் இதே கதைதான். பிணைப்பின் நீளம் குறைவாக இருப்பதால் ஒன்றன் தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் மற்றதன் இரட்டைகளை நேருக்கு நேர் விலக்குகின்றன. F–F பிணைப்பு தளர்கிறது. 242, 193, 158 என்று பார்த்தால் அது புரோமினுக்கும் கீழே போய்விடுகிறது.

மூன்றாவது, HF கொதிநிலை. HCl −85 °C, HBr −67, HI −35 என்று 'ஒட்டு இறுகும்' விதிப்படி ஒழுங்காக ஏறுகின்றன. அந்த விதியை நம்பினால் HF −85க்கும் கீழே கொதிக்க வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 20 °C-இல் கொதிக்கிறது. மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம். நான்காவதாக, ஃபுளூரினைவிட எலக்ட்ரானை வலுவாகக் கவரும் தனிமம் வேறில்லை. எனவே சேர்மங்களில் −1 என்ற ஒரே நிலை. மற்ற மூன்றும் −1-உடன் +1, +3, +5, +7 நிலைகளையும் காட்டுகின்றன.

இந்த இடத்தில் நல்ல மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்குத்தானே அதிகம்? அப்படியானால் குளோரின்தானே வலிமையான ஆக்சிஜனேற்றியாக இருக்க வேண்டும்?" கேட்காவிட்டால் நான் கேட்க வைப்பேன். இதற்கான விடையைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஐந்து நிமிடம் போதும். வாயு நிலையில் உள்ள ஹாலஜன், நீரில் கரைந்த ஹேலைடு அயனியாக மாற மூன்று படிகளைக் கடக்கிறது. மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிய வேண்டும். அணு எலக்ட்ரானை ஏற்க வேண்டும். உருவான அயனியை நீர் சூழ வேண்டும். முதல் படிக்கு ஆற்றல் செலவு, மற்ற இரண்டில் வரவு.

ஃபுளூரினுக்கு: ஓர் அணுவுக்குப் பிணைப்பு ஆற்றலில் பாதி, அதாவது 79 செலவு. எலக்ட்ரான் ஏற்பதில் 328 வரவு. நீரேற்றத்தில் ஏறத்தாழ 515 வரவு. நிகர வரவு 764 கிலோ ஜூல். குளோரினுக்கு: 121 செலவு, 349 வரவு, நீரேற்றத்தில் ஏறத்தாழ 381 வரவு. நிகர வரவு 609.

நடுப்படியில் குளோரின் 21 கிலோ ஜூல் முன்னால் இருக்கிறது. ஆனால் முதல் படியில் ஃபுளூரினுக்கு 42 மிச்சம். மூன்றாவதில் 134 கூடுதல் வரவு. சிறிய அயனியை நீர் மூலக்கூறுகள் மிக நெருங்கிச் சூழ முடிவதால் அந்த வரவு. அணுவின் சிறுமை எலக்ட்ரான் நாட்டத்தில் கெடுத்ததை, தளர்ந்த பிணைப்பிலும் நீரேற்றத்திலும் திருப்பித் தந்துவிடுகிறது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டே இதைச் செய்யுங்கள். "நாட்டத்தில் தோற்றாலும் மொத்தத்தில் வெல்லும்" என்ற முடிவு மட்டும் அவர்களிடம் தங்கினால் போதும்.

அட்டவணை

இவ்வளவும் பேசிய பிறகே அட்டவணை. எண்கள் இல்லை, நான்கு நெடுவரிசைகள் மட்டும். கடைசி நெடுவரிசையை மாணவர்கள் தங்கள் சொற்களில் நிரப்புகிறார்கள். கீழே இருப்பது என் வகுப்பில் கடைசியாக உருவான வடிவம். X என்பது ஹாலஜன்.

| சொல் | பண்பு | F முதல் I வரை | காரணம் |
|---|---|---|---|
| உருவம் | அணு ஆரம், அயனி ஆரம் | கூடும் | ஒரு கூடு கூடுகிறது |
| பிடி | அயனியாக்கும் ஆற்றல், கவர்தன்மை, ஆக்சிஜனேற்றும் திறன் | குறையும் | எலக்ட்ரான் கருவிலிருந்து தொலைவு |
| பிடி | HX வெப்ப நிலைப்பு | குறையும் | H–X பிணைப்பு தளர்வு |
| பிடி | HX அமில வலிமை | கூடும் | அதே தளர்வு |
| ஒட்டு | உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி | கூடும் | மூலக்கூறு பெரிது, விசை வலிது |
| ஒட்டு | நிலை | வா, வா, நீ, தி | மேலே உள்ளதே |
| நிறம் | வெளிர் மஞ்சள் முதல் ஊதா வரை | அடரும் | நினைவில் வை |
| விலக்கு | எலக்ட்ரான் நாட்டம் | Cl > F > Br > I | நெரிசல் |
| விலக்கு | X₂ பிணைப்பு ஆற்றல் | Cl > Br > F > I | நெரிசல் |
| விலக்கு | HX கொதிநிலை | HF > HI > HBr > HCl | ஹைட்ரஜன் பிணைப்பு |
| விலக்கு | ஆக்சிஜனேற்ற நிலை | F-க்கு −1 மட்டும் | கவர்தன்மை மிக அதிகம் |

இதை நகலெடுத்துக் கொடுத்தால் பயன் குறைவு. அச்சிட்ட தாளை மாணவர் புத்தகத்தில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவார். நான் முதல் நெடுவரிசையை மட்டும் எழுதிய வெற்றுக் கட்டத்தைக் கொடுக்கிறேன். மூன்று நாள் கழித்து, புத்தகத்தை மூடி வைத்து, பத்து நிமிடத்தில் நிரப்பச் சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். நிரப்பிய தாளில் நான் முதலில் பார்ப்பது மூன்றாம் நெடுவரிசையை அல்ல, நான்காவதை. அமில வலிமைக்கு நேரே "கூடும்" என்று சரியாக எழுதி, காரணத்தில் "கவர்தன்மை அதிகம்" என்று எழுதியிருந்தால், அந்த மாணவர் அம்புக்குறியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார் என்று பொருள். கவர்தன்மையை நம்பினால் HF அல்லவா முதலில் வர வேண்டும்!

புரிந்ததா, உருப்போட்டதா என்று அறிய இன்னொரு வழி அஸ்டடைன். அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. "ஆல் மரத்தைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். திண்மமாக இருக்கும், நிறம் அயோடினைவிட அடர்த்தியாக இருக்கும், உருகுநிலை 114 °C-ஐவிடக் கூடுதலாக இருக்கும், ஆக்சிஜனேற்றும் திறன் அயோடினைவிடக் குறைவாக இருக்கும், HAt வலிமைமிகு அமிலமாக இருக்கும் என்று ஐந்து ஊகங்கள் வந்தால் மூன்று சொற்களும் வேலை செய்கின்றன. அஸ்டடைன் கதிரியக்கத் தனிமம். அதன் மிக நீண்ட ஆயுளுள்ள ஐசோடோப்பின் அரை ஆயுட்காலமே எட்டு மணி நேரம் அளவுதான். கண்ணால் பார்க்கும் அளவுக்கு யாரும் அதைத் திரட்டியதில்லை. எனவே அறிவியலாளர்களும் இதன் பல பண்புகளை இப்படித்தான் ஊகிக்கிறார்கள் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

'பிடி தளரும்' என்பதை ஆய்வகத்திலும் காட்டலாம். புதிதாகத் தயாரித்த குளோரின் நீரைச் சில துளிகள், சன்னல்கள் திறந்த அறையில், ஆசிரியரே தன் கையால் பொட்டாசியம் புரோமைடு கரைசலில் விட்டால் கரைசல் ஆரஞ்சாக மாறும். Cl₂ + 2KBr → 2KCl + Br₂. பொட்டாசியம் அயோடைடில் விட்டால் பழுப்பு. ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அயோடைடில் குளோரின் நீரை அதிகமாக ஊற்றினால் வந்த பழுப்பு மறைந்து கரைசல் நிறமற்றதாகிவிடும். சோதனை தவறிவிட்டது என்று மாணவர்கள் நினைப்பார்கள். விடுபட்ட அயோடினையும் குளோரின் அயோடேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது, அவ்வளவுதான். துளித் துளியாக விட்டால் பழுப்பில் நிறுத்தலாம். "ஃபுளூரின் நீர்க் கரைசலிலிருந்து மற்ற மூன்றையும் வெளியேற்றும்" என்று மட்டும் எழுத வைக்காதீர்கள். ஃபுளூரின் நீரையே தாக்கி HF-ஐயும் ஆக்சிஜனையும் தரும்.

வேறு தொகுதிகளுக்கு

இதே தொடரை அப்படியே மற்ற தொகுதிகளுக்குக் கொண்டுபோக முடியாது. பதினொன்றாம் வகுப்பில் வரும் கார உலோகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உருவம் பெருகும், பிடி தளரும் என்பது அங்கும் சரி. ஆனால் உருகுநிலை லித்தியத்தில் ஏறத்தாழ 181 °C, சோடியத்தில் 98, பொட்டாசியத்தில் 63, சீசியத்தில் 28 என்று இறங்கிக்கொண்டே போகிறது. அங்கே தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. அணுக்களைச் சேர்த்து வைத்திருப்பது உலோகப் பிணைப்பு. அணு பெரிதானால் அது தளரும். எனவே அந்த வகுப்பில் மூன்றாம் சொல்லை மாற்றிக்கொள்கிறேன்: "உருவம் பெருகும், பிடி தளரும், கட்டும் தளரும்." விலக்குப் பகுதியில் நீர்க்கரைசலில் லித்தியமே வலிமையான ஒடுக்கி என்ற ஒன்று வரும். ஃபுளூரினுக்குப் போட்ட அதே மூன்று படிக் கணக்கில் நீரேற்றம்தான் அங்கும் காரணம் என்பதால், பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது மாணவர்களுக்கு அது பழகியதாக இருக்கும்.

13ஆம் தொகுதிக்கு 'பிடி தளரும்' என்பதையே நம்ப முடியாது. அலுமினியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 577 கிலோ ஜூல், அதற்குக் கீழே உள்ள காலியத்துக்கு 579. இடையில் நிரம்பிய பத்து 3d எலக்ட்ரான்கள் கருவைச் சரியாக மறைப்பதில்லை. அங்கே போக்கைவிட விலக்கு அதிகம் என்பதால் நான் நினைவுத் தொடர் எதுவும் கொடுப்பதில்லை. வெற்றுக் கட்டத்தை மட்டும் கொடுத்து, எண்களைப் பாடநூலிலிருந்து எடுத்து, எங்கே போக்கு முறிகிறது என்று சிவப்பு மையால் குறிக்கச் சொல்கிறேன்.